கழித்துக்கொண்டு மீதியை அனுப்புகிறோம் என்ற கம்பெனிக்கு எழுதும் பதிலை எப்படித் திருத்துவது?

கேள்வி: திருப்பூரில் நூல் வாங்கி, நிட்டிங், டையிங் முடித்துத் துணியாக சப்ளை செய்கிறோம். உத்யம் பதிவு உள்ள சிறு நிறுவனம். ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனி மூன்று பில்லுக்கு ₹11,19,300 தர வேண்டும்: வெள்ளை ₹3,19,200, மீதி 1,200 கிலோ நேவிக்கும் 600 கிலோ சிவப்புக்கும். பி.ஓ.வில் 45 நாள் என்று இருக்கிறது, 65 நாள் தாண்டிவிட்டது. இப்போது மெயில் அனுப்பியிருக்கிறார்கள்: வெள்ளையில் 18 கிலோ எடைக் குறைவு ₹7,182, நேவியில் ஷேடு மாறுதல் ₹1,60,000, சிவப்பு 9 நாள் தாமதமானதால் ஏர் ஃப்ரெய்ட் ₹2,85,000, அவர்களுடைய இன்னொரு கம்பெனி போன வருடம் எங்களுக்குத் தந்த அட்வான்ஸ் ₹60,000. எல்லாம் கழித்து ₹6,07,118 "முழு கணக்கு முடிவாக" அனுப்புகிறார்களாம். எடைக் குறைவு சரக்கோடு போன டெலிவரி சலானிலேயே, அதாவது டிசியிலேயே எழுதியிருக்கிறது, உண்மைதான். ஷேடு புகார் 26 நாள் கழித்து வாட்ஸாப்பில் வந்தது, அதற்குள் வெட்டிவிட்டார்கள். சிவப்புக்கு லேப் டிப், அதாவது நிற மாதிரித் துண்டின் அப்ரூவலை அவர்களே 6 நாள் தாமதமாகத் தந்தார்கள். நான் எழுதி வைத்திருக்கும் பதில்: "நீங்கள் சொல்லும் எந்தக் குறையும் எங்கள் தவறல்ல. துணியை வெட்டிய பிறகு புகார் செல்லாது. டையிங்கில் மெஷின் பழுதானதால்தான் தாமதம், வருந்துகிறோம். நீண்ட நாள் உறவை மனதில் வைத்து ஏதாவது ஒரு தொகையைக் கழித்துக்கொண்டு மீதியைச் சீக்கிரம் அனுப்பவும். இல்லையேல் சட்ட நடவடிக்கை எடுப்போம்." இதை அனுப்பலாமா?

பதில்:

இப்படியே அனுப்பாதீர்கள். முதல் வரியில் எல்லாவற்றையும் மறுக்கிறீர்கள், மூன்றாவது வரியில் தாமதத்துக்குக் காரணம் நம் மெஷின்தான் என்று எழுதித் தருகிறீர்கள், நான்காவது வரியில் எவ்வளவு வேண்டுமானாலும் கழித்துக்கொள்ளுங்கள் என்று அனுமதியே கொடுத்துவிடுகிறீர்கள். நாளைக்கு இது சிறு நிறுவனங்களின் பாக்கித் தகராறுகளை விசாரிக்கும் எம்எஸ்எம்இ கவுன்சிலிலோ கோர்ட்டிலோ போய் நின்றால், எதிர்த்தரப்பு உங்கள் மூன்றாவது, நான்காவது வரிகளை மட்டும் எடுத்துப் படிக்கும்.

அந்தக் கம்பெனி என்ன செய்திருக்கிறது என்று பாருங்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கு விஷயங்களைக் கூட்டி ₹5,12,182 என்று ஒரே எண்ணாக்கி, அதைப் பாக்கியிலிருந்து கழித்துவிட்டது. நீங்களும் அந்த ஒரே எண்ணைப் பற்றிப் பேசினால் பேரம் அங்கேயே தொடங்கிவிடும், எப்படியும் "பாதிக்குப் பாதி" என்று முடியும். பதிலின் வேலை அந்த எண்ணைத் திரும்பவும் நான்காகப் பிரிப்பது. பில் தொகை தனியாக நிற்க வேண்டும், ஒவ்வொரு கோரிக்கைக்கும் அதற்குரிய பதில் தனியாக இருக்க வேண்டும்.

அதற்கு முன் ஒரு நல்ல செய்தி. அவர்கள் அனுப்பிய அந்த மெயில் உங்களுக்கு மதிப்புள்ள ஆவணம். "உங்களுக்குத் தர வேண்டிய ₹11,19,300ல் இவற்றைக் கழிக்கிறோம்" என்று எழுதும்போது, பாக்கி இருப்பதை அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். காலவரையறைச் சட்டம் 1963, பிரிவு 18ன் விளக்கத்திலேயே, கடனை ஒப்புக்கொள்ளும் எழுத்தில் "எங்களுக்கும் வர வேண்டியது உண்டு, அதைக் கழிக்கிறோம்" என்ற கோரிக்கை சேர்ந்திருந்தாலும் அது ஒப்புதலாகவே இருக்கலாம் என்று சொல்லியிருக்கிறது. வழக்குப் போடுவதற்கான மூன்று வருடக் கணக்கு அந்தத் தேதியிலிருந்து புதிதாகத் தொடங்கும். ஒப்புதல் கையெழுத்துடன் இருக்க வேண்டும் என்பது சட்டம். அதனால் மெயிலை அனுப்பியவர் பெயர், பதவி, நேரம் தெரியும்படி சேமித்து வையுங்கள். லெட்டர்ஹெட்டில் கையெழுத்திட்ட கணக்கு அறிக்கை ஒன்றும் கேட்டு வாங்குங்கள். உங்கள் பதிலின் முதல் பத்தி இந்த ஒப்புதலைப் பதிவு செய்ய வேண்டும். கோபத்தில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது இதைத்தான்.

இனி கோரிக்கைகளுக்கு வருவோம். எடைக் குறைவை உடனே ஒப்புக்கொள்ளுங்கள். 18 கிலோ, கிலோ ₹380, ₹6,840. ஜிஎஸ்டி 5 சதவீதம் ₹342. மொத்தம் ₹7,182. இதற்கு ஜிஎஸ்டி கிரெடிட் நோட் போட்டு பதிலோடு சேர்த்தே அனுப்புங்கள். நியாயம் என்பதோடு இதில் இன்னொரு காரணமும் இருக்கிறது. குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான எம்எஸ்எம்இடி சட்டம் 2006ன்படி, டெலிவரி ஆன 15 நாளுக்குள் வாங்குகிறவர் எழுத்தில் ஆட்சேபம் சொன்னால், நீங்கள் அந்த ஆட்சேபத்தைத் தீர்த்த நாள்தான் சரக்கை ஏற்றுக்கொண்ட நாளாகக் கணக்கிடப்படும். டிசியில் "18 கிலோ குறைவு" என்று அன்றைக்கே எழுதியிருக்கிறார்கள். அதை ஆட்சேபம் என்று வைத்து, வெள்ளை பில்லுக்குப் பணம் தர வேண்டிய நாளே இன்னும் தொடங்கவில்லை என்று அவர்கள் வாதாட இடமிருக்கிறது. ₹7,182க்குக் கிரெடிட் நோட் போடாமல் ₹3,19,200 பில்லின் கெடுவை ஆட்டம் காண விடாதீர்கள்.

கிரெடிட் நோட்டை நீங்கள் போடுவதும் முக்கியம். அவர்கள் அனுப்பியிருக்கும் டெபிட் நோட் அவர்கள் புத்தகத்துக்கான தாள். ஜிஎஸ்டி சட்டம் பிரிவு 34ன்படி, நீங்கள் கட்டும் வரியைக் குறைப்பது நீங்கள் போடும் கிரெடிட் நோட் மட்டும்தான். இதனாலேயே தகராறில் இருக்கும் தொகைக்கு "கணக்கு நேராகட்டும்" என்று அவர்கள் அக்கவுண்டன்ட் போனில் கேட்டால் கிரெடிட் நோட் போட்டுவிடக் கூடாது. போட்டால் அந்தக் கோரிக்கையை ஏற்றுக்கொண்டதாகவே படிக்கப்படும்.

அடுத்தது நேவி ஷேடு. நான்கில் மிகவும் கவனமாகக் கையாள வேண்டியது இதுதான். ஏனென்றால் "வெட்டிய பிறகு புகார் செல்லாது" என்ற உங்கள் வரி பாதிதான் சரி. துணியை வெட்டியதும் அதைத் திருப்பி அனுப்பும் உரிமை அவர்களுக்குப் போய்விட்டது. சரக்கு விற்பனைச் சட்டம் 1930, பிரிவு 42ன்படி அது ஏற்றுக்கொண்டதற்குச் சமம். ஆனால் குறைக்கு இழப்பீடு கேட்கும் உரிமை போகவில்லை. அதே சட்டத்தின் பிரிவு 59, தரக்குறைவால் வந்த இழப்பை விலையிலிருந்தே குறைத்துக் கேட்க வாங்குகிறவருக்கு இடம் தருகிறது. எம்எஸ்எம்இடி சட்டத்தின் 15 நாளும் பணம் தர வேண்டிய கெடுவைத்தான் தீர்மானிக்கிறது, தரப் புகாரை அழித்துவிடுவதில்லை. அவர்கள் வக்கீல் இதை ஒரே பத்தியில் சொல்லிவிடுவார், அத்தோடு உங்கள் கடிதத்தின் மற்ற வரிகளும் நம்பிக்கை இழக்கும். ஆகவே "செல்லாது" என்பதை எடுத்துவிட்டு, குறை எங்கே தோன்றியது, இழப்பு எவ்வளவு என்ற இரண்டு கேள்விகளுக்குப் போங்கள். உங்கள் பலம் அங்கே இருக்கிறது.

1,200 கிலோ நேவி பெரும்பாலும் ஒரே டையிங் லாட்டில் வந்திருக்காது, இரண்டு அல்லது மூன்று லாட் இருக்கும். டிசியில் ரோல் வாரியாக லாட் நம்பர் போட்டிருந்தீர்களா என்று முதலில் பாருங்கள். ஒரு லாட்டுக்கும் இன்னொரு லாட்டுக்கும் சிறு வித்தியாசம் டையிங்கில் இருக்கத்தான் செய்யும். லாட்டைக் கலக்காமல் துணியை அடுக்கி விரித்து, அதாவது லே போட்டு வெட்டினால் ஒரு பீஸில் எல்லாப் பாகமும் ஒரே ஷேடாக இருக்கும். ஒரு லாட்டில் பாடியும் இன்னொன்றில் ஸ்லீவும் வெட்டினால் தைத்த பிறகு பளிச்சென்று தெரியும். புகார் படத்தில் பாடிக்கும் ஸ்லீவுக்கும் வித்தியாசமா, அல்லது ஒரே ரோலுக்குள்ளேயே ஓரமும் நடுவும் வேறு வேறா என்பதைப் பெரிதாக்கிப் பாருங்கள். முதலாவதாக இருந்தால் கேள்வி அவர்கள் கட்டிங் டேபிளுக்குப் போகிறது. இரண்டாவதாக இருந்தால் குறை டையிங்கிலோ ஃபினிஷிங்கிலோ வந்தது, அதாவது உங்கள் பக்கம். அப்படி என்றால் அதை மறைத்து எழுதாதீர்கள். தொகையைப் பற்றி மட்டும் பேசுங்கள்.

கேட்க வேண்டிய ஆதாரங்கள் இவை: கட்டிங் லே ஷீட் (எந்த ரோல் எந்த லேயில் போனது என்பது அதில் இருக்கும்), மீதித் துணி அல்லது ஒவ்வொரு லாட்டிலும் ஒரு துண்டு, ஒப்புக்கொண்ட லேப் டிப்போடு டி65 வெளிச்சத்தில் வைத்துப் பார்த்த கிரே ஸ்கேல் மதிப்பீடு, ஒதுக்கிய பீஸ்களின் எண்ணிக்கை, அவற்றைக் குறையுள்ள சரக்காக, அதாவது செகண்ட்ஸாக விற்ற பில். கடைசியாகச் சொன்னது மிக முக்கியம். ₹1,60,000 என்பது எப்படி வந்திருக்கும் என்று ஊகித்தால், 1,000 பீஸ், பீஸுக்கு ₹160 என்று முழு விலையையும் போட்டிருக்கலாம். அதே பீஸ்கள் செகண்ட்ஸில் ₹70க்குப் போயிருந்தால் உண்மையான இழப்பு ₹90,000. அதில் லாட் கலந்து வெட்டியதால் வந்த பங்கு இருந்தால் இன்னும் குறையும். நிஜத்தில் நஷ்டமான தொகைதான் இழப்பீடு, இழப்பைக் குறைக்கத் தன்னால் ஆனதைச் செய்திருக்க வேண்டும் என்பதும் ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 73ல் இருக்கிறது.

ஏர் ஃப்ரெய்ட் தொகையில் பெரியது, ஆனால் நான்கில் எளிதில் ஆட்டம் காணக்கூடியது. பதில் எழுதுவதற்கு முன் பி.ஓ.வின் பின்பக்கம், இணைப்பு, பழைய மெயில் எல்லாவற்றையும் படியுங்கள். "தாமதமானால் ஏர் ஃப்ரெய்ட் சப்ளையர் கணக்கில்" என்ற நிபந்தனை இருந்து, நீங்களும் கையெழுத்துப் போட்டிருந்தால் அல்லது மறுக்காமல் சரக்கை அனுப்பியிருந்தால், கீழே சொல்வது பாதியாகக் குறையும். அப்போதும்கூட ஒப்பந்தச் சட்டம் பிரிவு 74ன்படி நியாயமான தொகைதான் கேட்க முடியும், ஆனால் பேச்சு அவர்கள் கைக்குப் போய்விடும். அப்படி நிபந்தனை இல்லை என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

முதலில் நாள் கணக்கு. 9 நாளில் 6 நாள் லேப் டிப் அப்ரூவல் தாமதம். அது வராமல் சிவப்பை டையிங்குக்கு ஏற்ற முடியாது. மீதி 3 நாள் உங்களுடையது. தாமதமே இல்லை என்று எழுதாதீர்கள், மெஷின் பழுது என்றும் எழுதாதீர்கள். பழுது உண்மையாகவே இருக்கட்டும், ஆனால் கேட்கப்படாத காரணத்தை நீங்களே முன்வந்து சொன்னால் 9 நாளும் அந்தப் பழுதின் தலையில் விழும். தேதிகளை மட்டும் எழுதுங்கள், கணக்கு தானாகத் தெரியும்.

அடுத்து, தாமதமாக வந்த துணியை அவர்கள் வாங்கியபோது என்ன சொன்னார்கள்? நேரம்தான் ஒப்பந்தத்தின் உயிர் என்றிருக்கும் ஒப்பந்தத்தில், தாமதமாக வந்ததை ஏற்றுக்கொள்ளும்போதே "இழப்பீடு கேட்போம்" என்று அறிவிக்காவிட்டால் பிறகு கேட்க முடியாது என்கிறது ஒப்பந்தச் சட்டம் பிரிவு 55. நேரம் அவ்வளவு முக்கியமில்லை என்றால் இந்தத் தடை பொருந்தாது, ஆனால் அப்போது கப்பலுக்குப் பதில் விமானத்தில் அனுப்பும் அளவுக்கு அவசரம் என்று அவர்கள் சொல்வதும் பலவீனமாகிவிடும். டெலிவரி நாளன்று வந்த மெயில், வாட்ஸாப், டிசி குறிப்பு எல்லாவற்றையும் தேடுங்கள். "ஏர் போட வேண்டியிருக்கும், உங்கள் கணக்கில்தான்" என்று அன்றைக்கே ஒரு வரி வந்திருந்தால் பிரிவு 55ஐத் தொடாதீர்கள்.

பிறகு தொகை. ஆர்டர் போடும்போதே கப்பல் தேதியை உங்களுக்குச் சொல்லியிருந்தார்களா? சொல்லாவிட்டால் ஏர் ஃப்ரெய்ட் இருவரும் முன்கூட்டி அறிந்த இழப்பு என்று காட்டுவது கஷ்டம். சொல்லியிருந்தாலும், விமானக் கட்டணத்தில் கப்பல் கட்டணத்தைக் கழித்த வித்தியாசம்தான் இழப்பு. ஏர்வே பில்லைக் கேட்டு எடையைப் பாருங்கள். 600 கிலோ சிவப்புத் துணியில் கட்டிங் வேஸ்ட் போக 500 கிலோவுக்குச் சற்று முன்பின்னாகத்தான் ஆடை வரும். அட்டைப்பெட்டியும், கொள்ளளவை வைத்துப் போடும் எடையும் சேர்ந்தால் கொஞ்சம் ஏறும். பில்லில் 1,500 கிலோ என்று இருந்தால் மற்ற ஸ்டைல்களும் அதே விமானத்தில் போயிருக்கின்றன, அவற்றின் செலவும் உங்கள் தலையில் ஏறியிருக்கிறது. நான் பார்த்த ஏர் ஃப்ரெய்ட் டெபிட் நோட்களில் ஏர்வே பில் இணைத்து வந்தவை மிகக் குறைவு.

இன்னும் ஒன்று சேர்க்கலாம். இழப்பீடு கேட்பது வேறு, கடன் இருப்பது வேறு. 1974ல் ராமன் அயர்ன் ஃபவுண்டரி வழக்கில் உச்ச நீதிமன்றம், இழப்பீட்டுக் கோரிக்கை ஒப்புக்கொள்ளப்படும்வரை அல்லது தீர்மானிக்கப்படும்வரை அது கடன் ஆகாது என்று சொன்னது. ஆனால் இதைப் பெரிய ஆயுதமாக நினைத்துவிடாதீர்கள். ஒரே வியாபாரத்தில் எழுந்த கோரிக்கையை எதிர்வாதமாக வைக்க கோர்ட்டில் அவர்களுக்கு வழி இருக்கிறது. எம்எஸ்எம்இ கவுன்சிலிலும் வாங்குகிறவர் எதிர்க்கோரிக்கை வைக்கலாம் என்று 2021ல் சில்பி இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் கடிதத்தில் "நிர்ணயிக்கப்படாத தொகையைப் பில்லிலிருந்து தானாகக் கழிப்பதை ஏற்கவில்லை" என்ற ஒரு வரி போதும்.

₹60,000 அட்வான்ஸுக்கு நீண்ட பதில் வேண்டாம். இன்னொரு கம்பெனி கொடுத்தது இந்தக் கம்பெனியின் பில்லில் கழியாது, கடன் கொடுத்தவரும் வாங்கியவரும் அதே இரண்டு பேராக இருந்தால்தான் நேர் செய்ய முடியும். எழுதுவதற்கு முன் இரண்டு கம்பெனியின் ஜிஎஸ்டி விவரத்தையும் பாருங்கள். இரண்டும் ஒரே ஆளின் புரோப்ரைட்டர்ஷிப் என்றால் பெயர் வேறானாலும் சட்டப்படி ஒரே ஆள்தான், இந்த வாதம் நிற்காது. ஒன்று பிரைவேட் லிமிடெட், ஒன்று குடும்பத்தில் இன்னொருவர் பெயரில் இருக்கும் நிறுவனம் என்றால் நிற்கும். அந்த அட்வான்ஸ் உண்மையிலேயே உங்களிடம் இருந்தால் அதை மறுக்கவும் வேண்டாம், அந்தக் கம்பெனியோடு தனியாகக் கணக்குப் பார்ப்போம் என்று சொல்லுங்கள்.

இனி திருத்திய கடிதம். தேதிகள் மாதிரிக்குப் போட்டவை, உங்கள் டிசியைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். நீங்கள் ஆங்கிலத்தில் எழுதுவது வழக்கம் என்றால் இதே வரிசையை வைத்து எழுதுங்கள், வரிசைதான் முக்கியம்.

> ஐயா,
>
> ஆகஸ்ட் 22 தேதியிட்ட உங்கள் மெயில் கிடைத்தது. எங்கள் மூன்று பில்களின் மொத்தம் ₹11,19,300 என்பதை நீங்கள் அதில் குறிப்பிட்டிருப்பதைப் பதிவு செய்கிறோம்.
>
> வெள்ளைத் துணியில் 18 கிலோ குறைவு ஜூன் 14 டிசியில் பதிவானது. அதை ஏற்கிறோம். ₹7,182க்கான கிரெடிட் நோட் இணைத்துள்ளோம். இதன் பிறகு எங்களுக்கு வர வேண்டியது ₹11,12,118.
>
> நேவி துணி ஜூன் 12 அன்று டெலிவரி ஆனது. ரோல் வாரியான லாட் விவரம் டிசியில் உள்ளது. ஷேடு குறித்த முதல் தகவல் ஜூலை 8 அன்று, துணி வெட்டப்பட்ட பிறகு வந்தது. இதைப் பரிசீலிக்க லே ஷீட், ஒவ்வொரு லாட்டிலும் மீதித் துணி, ஒதுக்கிய பீஸ்களின் எண்ணிக்கை, அவற்றை விற்ற பில் ஆகியவை தேவை. எங்கள் ஆள் வந்து உங்கள் ஆட்களோடு சேர்ந்து பார்க்கத் தயாராக இருக்கிறார். நாள் சொல்லவும்.
>
> சிவப்புத் துணிக்கான லேப் டிப் அப்ரூவல் மே 12க்குப் பதில் மே 18 அன்று வந்தது. டெலிவரி ஜூன் 10க்குப் பதில் ஜூன் 19 அன்று ஆனது. துணியை ஏற்றுக்கொண்டபோது இழப்பீடு குறித்த எந்த அறிவிப்பும் எங்களுக்கு வரவில்லை. ஏர் ஃப்ரெய்ட் கோரிக்கையை நாங்கள் ஏற்கவில்லை. அதை நீங்கள் வலியுறுத்தினால் ஏர்வே பில், ஃப்ரெய்ட் பில், அதில் சென்ற ஸ்டைல்களின் விவரம், கப்பலுக்கான கட்டணம் ஆகியவற்றை அனுப்பவும்.
>
> ₹60,000 வேறொரு நிறுவனத்தின் கணக்கு. அதை இந்தப் பில்களில் கழிக்க இயலாது. அந்த நிறுவனத்தோடு தனியாகக் கணக்கு ஒப்பிடத் தயார்.
>
> நிர்ணயிக்கப்படாத தொகைகளைப் பில்லிலிருந்து தானாகக் கழிப்பதை நாங்கள் ஏற்கவில்லை. உங்கள் கணக்குப்படியே தகராறு இல்லாத ₹6,07,118ஐ ஏழு நாளுக்குள் செலுத்தவும். அதை முழு முடிவாக அல்லாமல் பாக்கியில் ஒரு பகுதியாக வரவு வைப்போம். மேலே கேட்ட ஆவணங்களையும் அதே ஏழு நாளுக்குள் அனுப்பவும். நாங்கள் உத்யம் பதிவு பெற்ற சிறு நிறுவனம். எம்எஸ்எம்இடி சட்டத்தின்படி கெடு தாண்டிய நாளிலிருந்து வட்டி கேட்கும் உரிமை எங்களுக்கு உள்ளது.

கடிதத்தில் ஏன் மிரட்டல் இல்லை என்று உங்களுக்குத் தோன்றலாம். வட்டி பற்றிய அந்தக் கடைசி வரியே போதுமான அழுத்தம். அந்தச் சட்டத்தின் பிரிவு 16 சொல்வது ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதக் கூட்டு வட்டி. வங்கி விகிதம் 5.5 சதவீதம் என்று வைத்தால் வருடத்துக்கு 16.5 சதவீதம், ₹11,12,118க்கு முதல் மாதமே ஏறக்குறைய ₹15,300. அவர்கள் ஆடிட்டர் இதைக் கணக்குப் போட்டுப் பார்ப்பார். பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் தராவிட்டால் அவர்கள் எடுத்த ஜிஎஸ்டி உள்ளீட்டு வரியை வட்டியோடு திருப்ப வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. ஆனால் முதல் கடிதத்தில் அதைப் போட வேண்டாம் என்பது என் கருத்து. இப்போது 65 நாள்தான் ஆகிறது. 150 நாள் தாண்டியும் இழுத்தால் நினைவுபடுத்தலாம்.

உங்கள் வரைவில் இருந்த "ஏதாவது ஒரு தொகையைக் கழித்துக்கொண்டு" என்ற எண்ணம் தவறானது இல்லை, அது இருக்க வேண்டிய இடம்தான் வேறு. விட்டுக்கொடுப்பது என்றால் தனிக் கடிதத்தில், "சமரசப் பேச்சுக்காக மட்டும், எங்கள் உரிமைகளுக்குப் பாதகமின்றி, ஆதாரமாகக் காட்டக் கூடாது என்ற நிபந்தனையோடு" என்று மேலே எழுதி, ஒரு குறிப்பிட்ட எண்ணைச் சொல்லி, இத்தனாம் தேதிக்குள் முழுப் பணமும் வந்தால் மட்டும் என்று கெடு வையுங்கள். அந்த எண்ணை லே ஷீட்டும் செகண்ட்ஸ் பில்லும் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். இப்போது கையில் இருப்பதை வைத்துச் சொல்வதானால், ஷேடில் உண்மையான இழப்பில் உங்கள் பங்கு, ஏர் ஃப்ரெய்ட்டில் அதிகபட்சம் 9ல் 3 பங்கு வித்தியாசக் கட்டணம், இதற்கு மேல் போக எந்த அவசியமும் தெரியவில்லை.

கடிதம் போன பிறகு இரண்டில் ஒன்று நடக்கலாம். ₹6,07,118 உங்கள் வங்கிக் கணக்கில் வந்து விழலாம், கூடவே "முழு கணக்கு முடிவு" என்று ஒரு மெயிலும் வரலாம். பணத்தைத் திருப்பி அனுப்ப வேண்டாம். அன்றைக்கே ஒரு வரி பதில் போடுங்கள்: "பகுதித் தொகையாகப் பெற்றோம், மீதி ₹5,05,000 நிலுவையில் உள்ளது." எந்தப் பில்லுக்கு என்று அவர்கள் குறிப்பிட்டிருந்தால் அந்தப் பில்லில்தான் வரவு வைக்க வேண்டும், குறிப்பிடாவிட்டால் பழைய பில்லிலிருந்து வரவு வைத்து அதையும் அதே மெயிலில் சொல்லிவிடுங்கள். லெட்ஜர் கன்ஃபர்மேஷன் என்று ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டால், அதில் டெபிட் நோட் கழித்த இருப்பு இருக்கிறதா என்று பார்க்காமல் உங்கள் அக்கவுண்டன்ட் கையெழுத்துப் போட்டுவிடக் கூடாது. இந்த மாதிரி விவகாரங்களில் நல்ல கடிதங்கள் எல்லாம் வீணாகப் போவது வருடக் கடைசியில் வரும் அந்தத் தாளில்தான்.

அல்லது, ஆவணங்கள் வரும். வந்தால் நல்லது, உட்கார்ந்து பாருங்கள், கூட ஒரு டையிங் மாஸ்டரை அழைத்துப் போங்கள். ஏழு நாள் கழித்தும் பணமும் வராமல் ஆவணமும் வராமல் இருந்தால், அவர்கள் கோரிக்கைக்குக் கையில் தாள் இல்லை என்பது ஓரளவு தெரிந்துவிடும். அப்போது இந்தக் கடிதம், பில், டிசி, கிரெடிட் நோட், அவர்கள் மெயில் இவற்றை வைத்து எம்எஸ்எம்இ கவுன்சிலில் மனு போடலாம். உத்யம் பதிவுத் தேதி இந்த பி.ஓ. தேதிக்கு முந்தையதா என்று அதற்கு முன் சரிபார்த்துவிடுங்கள். பிந்தையதாக இருந்தால் கவுன்சிலுக்குப் போகும் முன் வக்கீலிடம் கேட்டு, கோர்ட்டில் பணத்துக்கு வழக்குப் போடுவது சரியா என்று முடிவு செய்யுங்கள்.